நெற்றியில் அக்கி, மூக்கு நுனியில் கொப்புளம்: கண்ணைக் காப்பாற்ற மூன்று நாட்கள்

இந்த முறை ஒரு வருத்தத்தைப் பற்றி எழுதுகிறேன். ஹோம் ஒபிஸ் கடிதம், வீடு, காசு என்று எத்தனையோ பிரச்சினைகளோடு இருப்பவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். ஆனால் இதிலே நாட்களை அல்ல, மணித்தியாலங்களை எண்ண வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபாரஸ்ட் கேட்டில் ஹோம் ஒபிஸ் தந்த வீடொன்றில் நான்கு பேரோடு இருக்கிற ஒரு அண்ணை எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர், வன்னிப் பக்கம். அவருடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல், நடந்ததை எழுதுகிறேன். வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கையில் இன்டர்வியூக் கடிதம். தலையில் கம்பளித் தொப்பி, அதை வலது புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். வீட்டுக்குள்ளே ஏன் தொப்பி என்று கேட்டேன். "ஒண்டுமில்லை ரீச்சர், மூட்டைப்பூச்சி கடிச்சுப்போட்டுது" என்றார்.

தொப்பியைக் கழற்றச் சொன்னேன். வலது பக்க நெற்றி முழுக்கச் சிவந்து, தண்ணீர் நிறைந்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. மேலே தலைமயிருக்குள்ளும் போயிருந்தது. ஆனால் நெற்றியின் நட்டநடுவில், கோடு கீறினமாதிரி நின்றுவிட்டது. இடது பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. மூட்டைப்பூச்சிக்கு நெற்றியின் நடுக்கோடு தெரியாது. அது இரண்டு பக்கமும் கடிக்கும். பிறகு மூக்கைப் பார்த்தேன். வலது பக்கமாக, மூக்கு நுனியில், கடுகளவு இரண்டு கொப்புளங்கள்.

இன்டர்வியூக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "இது எப்ப துவங்கினது?" என்று கேட்டேன்.

நாள் கணக்கு

அவர் சொன்ன கணக்கு இது. ஞாயிற்றுக்கிழமை வலது புருவத்துக்கு மேலே எரிவும் குத்தும். தலை இழுக்கும்போது சீப்புப் பட்டாலே நோ. பீனிசம் என்று நினைத்து தைலம் பூசி, பரசிற்றமோல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். செவ்வாய் பின்னேரம் ஆறு மணிபோல நெற்றி சிவந்தது. புதன் காலை கொப்புளம் போட்டது. அன்றைக்கே தன்னுடைய ஜிபிக்குப் போயிருக்கிறார். ரிசப்சனில் அவருக்குச் சொல்லத் தெரிந்தது "ஹெட் பெய்ன்" மட்டும்தான். தலையிடி என்று எழுதி, அடுத்த புதன்கிழமைக்கு நேரம் கொடுத்துவிட்டார்கள். வியாழன் இரவு மூக்கில் கொப்புளம் வந்தது. வெள்ளி காலை வலது கண் சிவந்து, தண்ணி ஓடத் துவங்கியிருந்தது.

இந்த வருத்தத்துக்குக் கணக்கு நோ துவங்கிய நாளிலிருந்து அல்ல, தோலில் சிவப்பு அல்லது கொப்புளம் தெரிந்த நேரத்திலிருந்துதான். அவருக்கு அது செவ்வாய் பின்னேரம் ஆறு மணி. அதிலிருந்து 72 மணித்தியாலம் என்றால் வெள்ளி பின்னேரம் ஆறு மணி. அவர் தொப்பியைக் கழற்றும்போது காலை பத்தேகால். அடுத்த புதன்வரை காத்திருந்தால் எட்டு நாள் ஆகியிருக்கும்.

இது என்ன வருத்தம்?

இங்கே இதற்கு ஷிங்கிள்ஸ் என்று பெயர். ஹெர்பீஸ் சோஸ்டர் என்றும் எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் அக்கி என்கிறோம். சின்ன வயதில் வந்த கொப்புளிப்பான், அம்மாள் வருத்தம் என்று நாங்கள் சொல்லுகிற சின்னம்மைதான் இதற்கு மூலம். அந்த வருத்தம் மாறினாலும் அதன் வைரசுக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புகளின் அடியில், கணு மாதிரி இருக்கிற இடங்களில் ஒளிந்து தூங்குகிறது. வயது போகும்போதோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ விழித்து, ஒரே ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. நரம்பு வழியாக வருவதால்தான் முதலில் எரிவும் நோவும், ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளம். வலது நரம்பு வலது பக்கத்துக்கு மட்டும் போவதால்தான் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை.

பெரும்பாலும் இது நெஞ்சு, முதுகு, இடுப்பில்தான் வரும். அங்கே வந்தாலும் நோ பொல்லாதது, ஆனால் கண்ணுக்குச் சேதமில்லை. நெற்றியில் வருவதுதான் வேறு விசயம்.

பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் நரம்பை வீதி மாதிரிக் கீறிக் காட்டுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். மூளையின் அடியிலிருந்து முகத்துக்கு ஒரு பெரிய வீதி வருகிறது. அது மூன்றாகப் பிரிகிறது. மேல் வீதி நெற்றிக்கும் கண்ணுக்கும், நடு வீதி கன்னத்துக்கு, கீழ் வீதி தாடைக்கு. மேல் வீதியிலே இன்னும் சில ஒழுங்கைகள் பிரிகின்றன. ஒரு ஒழுங்கை நெற்றிக்கும் உச்சந்தலைக்கும் ஏறுகிறது. இன்னொரு ஒழுங்கை கண்ணுக்குள்ளே போய், கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற விழிவெண்படலத்துக்கும் உள்ளே இருக்கிற பாகங்களுக்கும் உணர்ச்சி கொடுக்கிறது. அதே ஒழுங்கையின் கடைசி வீடுதான் மூக்கு நுனி.

ஆகவே மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால், கிருமி கண்ணுக்குப் போகிற ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணில் இன்னும் ஒன்றும் தெரியாவிட்டாலும் சரி.

இதை முதலில் கவனித்து எழுதியவர் எங்களுக்குத் தூரத்து ஆள் அல்ல. ஜொனதன் ஹட்சின்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் (1828–1913). ரொம்ஃபோர்ட் ரோட்டில் 25ஆம் இலக்க பஸ் ஏறினால் வைட்சப்பலைத் தாண்டிப் போகிறோமே, அங்கே இருக்கிற லண்டன் ஆஸ்பத்திரியில்தான் அவர் வேலை செய்தார். மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியிலும் இருந்தார். நெற்றியிலும் மூக்கிலும் அக்கி வந்த நோயாளிகளைப் பார்த்து, மூக்கின் பக்கம் கொப்புளம் வந்தவர்களுக்குக் கண்ணும் பாதிக்கப்படுகிறது என்று மூர்ஃபீல்ட்ஸ் அறிக்கையில் 1865இல் எழுதினார். அவர் காலத்தில் கொடுக்க மருந்து இருக்கவில்லை. இன்றைக்கும் இந்த அடையாளத்தை டொக்டர்மார் "ஹட்சின்சன்ஸ் சைன்" என்றுதான் சொல்கிறார்கள். இந்த இரண்டு சொல்லைப் பாடமாக்கி வைத்திருங்கள். போனில் சொன்னால் மறுபக்கத்தில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்க்கக் கூடாது. மூக்கில் கொப்புளம் இல்லை, ஆகவே கண்ணுக்குப் பயமில்லை என்று எடுக்க முடியாது. மூக்கில் ஒன்றுமே இல்லாமல் கண் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. நெற்றியில் அக்கி என்றாலே அன்றைக்கே மருந்து. அதோடு மூக்கு நுனியில் கொப்புளம், கண் சிவப்பு, கண் நோ, வெளிச்சம் பார்க்க ஏலாமை, பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே கண் டொக்டர்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

மருந்து எடுக்காவிட்டால், நெற்றியில் அக்கி வந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குக் கண் ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்படுகிறது. சிலருக்கு வெறும் கண் சிவப்போடு போய்விடும். சிலருக்கு விழிவெண்படலம் புண்ணாகி, ஆறும்போது தழும்பாகி, பார்வைக்கு முன்னால் புகை மாதிரி நிற்கும். சிலருக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வந்து, கண்ணின் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு கெடும், அது திரும்பி வராது.

நான் மிகவும் பயப்படுவது இன்னொன்றுக்கு. கிருமி அந்த நரம்பைக் கெடுத்துவிட்டால் கண்ணின் மேற்பரப்பு மரத்துப்போகும். தூசி விழுந்தாலும் தெரியாது, கண் காய்ந்தாலும் தெரியாது. புண் வந்தாலும் நோகாது. நோ குறைந்துவிட்டது, சுகமாகிவிட்டது என்று ஆள் சந்தோசப்படுவார், கண் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கண் டொக்டர் பஞ்சின் நுனியால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். பயப்படாதீர்கள், அது உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மஞ்சள் மையும் போடுவார்கள், நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் உள்ள இடம் பச்சையாய் மினுங்கும்.

மருந்து ஏன் முந்த வேண்டும்?

கொடுக்கிற மருந்து குளிசைதான். அசிக்ளோவிர் என்று ஒன்று, வலசிக்ளோவிர் என்று இன்னொன்று. இவை கிருமியைக் கொல்வதில்லை. கிருமி தன்னைப்போல் இன்னொன்றைப் படியெடுப்பதைத்தான் தடுக்கின்றன. போட்டோக்கொப்பி மெசினை நிற்பாட்டுவதுமாதிரி. ஏற்கனவே அடித்த கொப்பிகளை அது திருப்பி எடுக்காது. முதல் மூன்று நாளில்தான் மெசின் மிக வேகமாக ஓடுகிறது. அதற்குள் நிற்பாட்டினால் கண்ணுக்குப் போகிற கிருமி குறைவு, நரம்புக்கு வருகிற சேதமும் குறைவு. ஒரு கிழமை கழித்து, எல்லாக் கொப்பியும் அடித்து முடிந்த பிறகு, நிற்பாட்ட அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

இதனால்தான் 72 மணித்தியாலம் என்கிறார்கள். ஆனால் 73வது மணித்தியாலம் கதவு பூட்டப்படுகிறது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். நெற்றி, கண் பக்கத்து அக்கிக்கு மூன்று நாள் கடந்தாலும், ஒரு கிழமைக்குள் வந்தால், டொக்டர்மார் மருந்து கொடுக்க யோசிப்பார்கள். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அசிக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு வழமையாக 800 மில்லிகிராம் குளிசை, ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஏழு நாள். மொத்தம் 35 குளிசை. ஐந்து தரமா என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த மருந்து இரத்தத்தில் அதிக நேரம் நிற்பதில்லை, அதனால்தான். காலை 7, 11, பின்னேரம் 3, 7, இரவு 11 என்று போனில் அலாரம் வையுங்கள். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து மூன்று தரம் மட்டும் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போட்டால் இடையிடையே மெசின் திரும்ப ஓடத் துவங்கிவிடும். சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து சிறுநீரகத்தால்தான் வெளியே போகிறது. சிறுநீரக வருத்தம் இருந்தால் முதலே சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். வலசிக்ளோவிர் என்றால் ஒரு நாளைக்கு மூன்று தரம் போதும். உங்களுக்கு எது எழுதப்பட்டதோ பெட்டியில் உள்ளபடி போடுங்கள். அறைச் சிநேகிதருடைய மிச்சக் குளிசையைப் போட வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமை

பத்தரைக்கு நான் அவருடைய ஜிபிக்குப் போன் எடுத்தேன். தலையிடி என்று சொல்லவில்லை. "ஷிங்கிள்ஸ். ரைட் ஃபோர்ஹெட். ஹட்சின்சன்ஸ் சைன். ரெட் ஐ" என்று நான்கு விசயம் மட்டும் சொன்னேன். பதினொன்றரைக்கு டொக்டரே திருப்பி எடுத்தார். தமிழ் இன்டர்பிரெட்டர் மூலம் அவரோடு கதைத்து, குளிசைக்கு எழுதி, கண் ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். முதல் குளிசையை ஒரு மணிக்கு எங்கள் அலுவலகத்திலேயே போட்டார். கெடுவுக்கு ஐந்து மணித்தியாலம் மிச்சம்.

பிறகு ஃபாரஸ்ட் கேட்டில் எலிசபெத் லைன் ரயில் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கினார்கள். அங்கேயிருந்து உள்ளால் நடந்து மூர்கேட் போய், நோர்தன் லைனில் ஒரு ஸ்ரேசன், ஓல்ட் ஸ்ட்ரீட். அங்கேயிருந்து சிட்டி ரோட்டால் நடந்தால் மூர்ஃபீல்ட்ஸ் வரும். அங்கே கண்ணுக்கென்றே அவசரப் பிரிவு இருக்கிறது, இரவு பகல் எந்த நேரமும் போகலாம். எங்கள் தொண்டர் ஒரு தம்பி கூடப் போனார். நான்கு மணித்தியாலம் இருந்தார்கள். இதற்கிடையில் மூன்று மணி அலாரம் அடிக்க, கதிரையிலிருந்தே அடுத்த குளிசையைப் போட்டிருக்கிறார். அன்றைக்குப் பார்த்ததில் விழிவெண்படலத்தில் ஒரு சின்னப் பாதிப்பு, உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கிழமைக்குள் திரும்ப வரச் சொன்னார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பன்னிரண்டாம் நாள், நெற்றியில் எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகு, கண் திரும்பச் சிவந்து பார்வை மங்கியது. இந்த முறை தொப்பியும் இல்லை, பொறுத்திருந்து பார்ப்பதும் இல்லை. அன்றைக்கே போனார். கண்ணுக்குள்ளே அழற்சி, அழுத்தமும் கூடியிருந்தது. இரண்டு வகைத் துளி மருந்து கொடுத்தார்கள், அதில் ஒன்று ஸ்டெரொய்ட். அதை நாளைக்கு இத்தனை துளி என்று மெல்ல மெல்லக் குறைத்து ஆறு கிழமையில் நிற்பாட்டினார்கள். பார்வை திரும்பிவிட்டது. நெற்றியில் மரத்த தன்மையும், குளிருக்கு ஒரு எரிவும் இன்னும் இருக்கிறது. மருந்து முந்திப் போட்டாலும் எல்லாவற்றையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மருந்து போட்டவருக்கே இவ்வளவு என்றால், போடாமல் அடுத்த புதன்வரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

இன்டர்வியூ? அடுத்த செவ்வாய்க்கிழமை இருந்தது. ஆஸ்பத்திரிக் கடிதத்தை சொலிசிற்றர் அனுப்பி வேறு திகதி கேட்டார், கொடுத்தார்கள். வருத்தம் என்று சொன்னால் கேஸ் கெட்டுவிடும் என்று பயந்து அவர் மூன்று நாள் நோவை மறைத்திருந்தார். கடிதம் இருந்தால் வருத்தத்தைச் சொல்வது பிழையில்லை.

காவி எழுதுவது பற்றி

வெள்ளி இரவு அவருடைய தங்கை திருச்சிப் பக்கத்திலிருந்து போன் எடுத்து, "அண்ணா, ஊசி மருந்து ஒண்டும் வேண்டாம், காவி எழுதினால் ரெண்டு நாளிலை வத்திப்போகும்" என்று அழுதிருக்கிறா. தமிழ்நாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். மண்பாண்டம் செய்கிற குயவர் வீட்டில் போய், செம்மண் காவியைக் குழைத்து, அக்கியின் மேல் எழுதுவார்கள். அக்கி எழுதுதல் என்றே பெயர்.

இதை நான் பகிடி பண்ண விரும்பவில்லை. குளிர்ச்சியான மண் எரிவுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். அக்கியின் கொப்புளங்கள் மருந்தே இல்லாமலும் இரண்டிலிருந்து நான்கு கிழமைக்குள் பொருக்காகி விழுந்துவிடும். எதைப் பூசினாலும் அது சுகமாக்கினதுபோலத்தான் தெரியும். இடுப்பில் வந்த அக்கிக்கு அது பெரிய நட்டமில்லை. நெற்றியில் வந்ததற்கு, தோல் ஆறுகிற அதே நாட்களில்தான் கண் உள்ளே கெடுகிறது. காவியும் வேப்பிலை அரைத்ததும் கண்ணுக்குள் வழிந்தால் புண்ணோடு புண். டொக்டருக்கும் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது.

காவியை விட நான் பயப்படுவது ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டெரொய்ட் கிறீமுக்கும் ஸ்டெரொய்ட் கண் துளிக்கும். கண் டொக்டர் அவருக்கு அந்தத் துளியைக் கொடுத்தார் என்றால், கண்ணைக் கருவியால் பார்த்து, அழுத்தம் அளந்து கொடுத்தார். நீங்களாகப் போட்டால் கிருமிக்குத்தான் உதவி செய்வீர்கள், கண் அழுத்தமும் ஏறும். சுத்தமான தண்ணீரால் முகத்தைக் கழுவலாம், குளிக்கலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

எங்கே போவது?

ஜிபியில் பதிந்திருந்தால் காலையிலேயே போன் எடுத்து, மேலே சொன்ன சொற்களை அப்படியே சொல்லுங்கள். ஆங்கிலம் வராது என்றால் "தமில் இன்டர்பிரெட்டர் பிளீஸ்" என்று கேளுங்கள், அதற்குக் காசு இல்லை. ஒரு தாளில் எழுதி ரிசப்சனில் காட்டினாலும் சரி. அன்றைக்கு நேரம் இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்பாமல் 111க்கு அடியுங்கள். போனில் காசு இல்லாவிட்டாலும் அந்த இலக்கம் வேலை செய்யும், அங்கேயும் இன்டர்பிரெட்டர் உண்டு. ஜிபியில் பதியாதவர்களும் 111க்கு அடிக்கலாம்.

பார்மசியைப் பற்றி ஒன்று. 2024 ஜனவரி கடைசியிலிருந்து இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு உடம்பில் வந்த ஷிங்கிள்சுக்கு பார்மசிஸ்டே பார்த்து மருந்து கொடுக்கலாம். ஆனால் கண் பக்கம், மூக்கு நுனி என்றால் அவர்கள் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். "எங்களை அலைக்கழிக்கினம்" என்று கோபித்து வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு. அது அலைக்கழிப்பு இல்லை. அவர் சரியாகத்தான் சொல்கிறார், சொன்ன இடத்துக்கு அன்றைக்கே போங்கள்.

மூக்கு நுனியில் கொப்புளமோ கண்ணில் மாற்றமோ இருந்து, எவரும் அன்றைக்குப் பார்க்கவில்லை என்றால் நேரே அவசரப் பிரிவுக்குப் போகலாம். மூர்ஃபீல்ட்ஸ் போக ஏலாதென்றால் பிளெய்ஸ்டோவில் நியூஹாம் ஆஸ்பத்திரி இருக்கிறது. தலையிடி கடுமையாகி, கழுத்து விறைத்து, ஆள் தடுமாறிக் கதைத்தால் அது வேறு, 999க்கு அடிக்க வேண்டும்.

காசு பற்றிக் கேட்பீர்கள். தஞ்சம் கேட்டு முடிவு வராமல் இருப்பவர்களுக்கு என்.எச்.எஸ். வைத்தியம் எல்லாம் இலவசம். குளிசைக்குக் காசு கட்டாமல் இருக்க எச்.சி.2 என்ற சான்றிதழை பார்மசியில் காட்ட வேண்டும். ஹோம் ஒபிஸ் உதவியில் இருப்பவர்களுக்கு அது தபாலில் வரும், வந்த கடிதங்களைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் எங்களிடம் வாருங்கள், விண்ணப்பிக்கலாம். கேஸ் நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் ஜிபியும் அவசரப் பிரிவில் பார்ப்பதும் இலவசம்தான். அதற்குப் பிறகு கண் கிளினிக்குக்குக் கட்டணம் வருமா என்பது உங்கள் நிலையைப் பொறுத்தது. அதை நாங்கள் பார்த்துச் சொல்லுவோம். பில் வருமென்று பயந்து முதல் மூன்று நாளை விட்டுவிடாதீர்கள்.

ஐம்பது வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு நெற்றியில் அக்கி வந்தால் டொக்டர் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்கக்கூடும். உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேடுகிறார்கள். அந்தப் பரிசோதனையின் முடிவு உங்கள் தஞ்சக் கோரிக்கையைக் கெடுக்காது.

வீட்டில் மற்றவர்கள்

அக்கி ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால் கொப்புளத்தின் தண்ணீர் பட்டால், கொப்புளிப்பான் வராதவர்களுக்குக் கொப்புளிப்பான் வரலாம். இங்கே வளர்ந்தவர்களுக்கு அது பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்திருக்கும். எங்கள் நாடுகளில் பெரியவர்களாகியும் வராதவர்கள் கூட. ஆகவே எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை, வழமையாக ஏழிலிருந்து பத்து நாள், துவாய், தலையணை வேறாக வையுங்கள், கையை அடிக்கடி கழுவுங்கள். அந்த வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சி இருந்தா. தனக்குக் கொப்புளிப்பான் வந்ததா என்று அவவுக்கு ஞாபகமில்லை. அன்றைக்கே மிட்வைஃபுக்குச் சொன்னோம், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஞாபகமில்லை என்றால் காத்திருக்காமல் இப்படிக் கேட்பதுதான் சரி.

பொருக்கு விழுந்து, குளிசை முடிந்து, நெற்றி ஆறின பிறகும் கண் கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள். வீடு மாற்றினால் புது விலாசத்தை ஆஸ்பத்திரிக்கும் ஜிபிக்கும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போகும். மாதங்கள் கழித்தும் அதே கண்ணில் அழற்சி திரும்ப வரலாம். அப்போது ஜிபியிடம் போனாலும், கண்ணாடிக் கடையில் பார்த்தாலும், முதல் சொல்ல வேண்டியது "இந்தக் கண் பக்கம் எனக்கு ஷிங்கிள்ஸ் வந்தது" என்பதைத்தான்.